கெண்டைக்கால் இழுக்கும்போது நினைவுக்கு வருவது

கேள்வி: நான் எழுதும் சிறுகதையில் ஒருவன் தன் முதல் மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஓடுகிறான். 38-ஆவது கிலோமீட்டரில் திடீரென்று கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, கீழே விழுகிறான். அப்பா சைக்கிளில் கூடவே வர, விடியற்காலையில் பயிற்சி எடுத்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. யாரோ தண்ணீர் தருகிறார்கள். எழுந்து ஓடி 3:59-க்கு முடிக்கிறான். மாரத்தான் ஓடும் என் நண்பர் படித்துவிட்டு, "கதை நல்லா இருக்கு, ஆனா இப்படி நடக்காது" என்கிறார். எது இடிக்கிறது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நான் ஓடுகிறவன் இல்லை. நீங்கள் ஓட்டக்காரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் என்பதால் கேட்கிறேன்: எங்கே தவறு?

பதில்:

உங்கள் நண்பர் சொல்வது சரிதான். அவரை உறுத்தியது தண்ணீரோ 3:59-ஓ மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். உங்கள் கதையில் பிடிப்பு எங்கிருந்தோ வந்து தாக்குகிறது. அப்பாவின் நினைவு அதற்கு மருந்தாக வந்து அவனை எழுப்பிவிடுகிறது. ஓடுகிறவர்களுக்கு இந்த இரண்டும் அந்நியமாகப் படும். கடைசி கிலோமீட்டர்களில் வரும் தசைப்பிடிப்புக்குப் பெரும்பாலும் ஒரு முன்கதை உண்டு. அது பயிற்சி நாட்களிலும், அன்று காலை ஓடிய முதல் பாதியிலும் இருக்கிறது. நீங்கள் பயிற்சி நாட்களை ஏற்கெனவே கதைக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். அந்த நினைவுகள் அவனுக்குத் தெம்பு கொடுப்பதற்குப் பதிலாக, கால் ஏன் இழுக்கிறது என்பதைச் சொல்லட்டும். கதைக்கு வேண்டியதெல்லாம் உங்கள் கையிலேயே இருக்கிறது, இடம்தான் மாற வேண்டும்.

முதலில் பிடிப்பு என்ன என்று பார்த்துவிடலாம். வியர்வையில் நீரும் உப்பும் போய்விடுவதால் தசை பிடிக்கிறது என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம். சிலருக்கு, குறிப்பாக வியர்வையில் நிறைய உப்பை இழப்பவர்களுக்கு, அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நீண்ட தூரப் போட்டிகளில் பிடிப்பு வந்தவர்களின் ரத்தத்தையும் வராதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்த வித்தியாசம் வேறு. பிடிப்பு வந்தவர்கள் தங்கள் பயிற்சியை ஒப்பிடும்போது அதிக வேகத்தில் போனவர்கள். பலருக்கு முன்பும் பிடிப்பு வந்த வரலாறு இருந்தது. அதனால் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம் நரம்புக்கும் தசைக்கும் நடுவே நடப்பதைப் பற்றியது. தசைக்குள் 'சுருங்கு' என்று தூண்டும் உணர்விகள் இருக்கின்றன. தசைநாணில் 'போதும், விடு' என்று அடக்கும் உணர்விகள் இருக்கின்றன. தசை மிகவும் களைத்துப்போகும்போது முதலாவது கூடுகிறது, இரண்டாவது குறைகிறது. அந்த நிலையில் தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையிலிருந்து மறுபடி சுருங்க முயன்றால், விடாமல் இறுகிக்கொள்கிறது.

கெண்டைக்கால் ஏன் முதலில் மாட்டுகிறது என்பதும் இதில் அடக்கம். நீங்கள் ஒவ்வொரு அடியிலும் முன்பாதத்தால் தரையைத் தள்ளிக் கிளம்பும்போது பாதம் கீழ்நோக்கி நீள்கிறது, கெண்டைக்கால் சதை குறுகுகிறது. மாரத்தானில் இது பல்லாயிரம் தடவை நடக்கிறது. தொடையின் பின்பக்கத் தசை அடுத்த ஆள். முட்டியை மடக்கும்போது அது குறுகும்.

இந்த விளக்கத்திலிருந்து கதைக்கு ஒரு பெரிய உதவி கிடைக்கிறது. நரம்பும் தசையும் கொஞ்சம் கொஞ்சமாக நிலைதவறுவதால், பிடிப்பு பல நேரம் முன்னறிவிப்போடுதான் வரும். தோலுக்கடியில் சதை தானாகத் துடிக்கும். அந்த நேரத்தில் வலி இருக்காது. சிலருக்கு ஷூவுக்குள் கால்விரல் தன்னிஷ்டத்துக்கு மடங்கும். துடிப்பு இரண்டு மூன்று நிமிடம் இருக்கும், போகும், மறுபடி வரும். அனுபவமுள்ள ஓட்டக்காரர் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து அடியைச் சின்னதாக்குவார். முதல் மாரத்தான் ஓடுகிறவர் பெரும்பாலும் அதைக் கவனிக்காததுபோல் இருப்பார். உங்கள் கதையின் பதற்றம் விழுவதில் இல்லை, துடிப்புக்கும் இறுக்கத்துக்கும் நடுவே உள்ள அந்த ஒரு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அங்கே நிறைய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விழுவது. பிடிப்பு வந்தால் ஆள் சுருண்டு விழுவதைவிட, சட்டென்று நொண்டி, இரண்டு மூன்று அடி தத்தி நிற்பதுதான் வழக்கம். தள்ளாடி, உடம்பு ஒரு பக்கம் கோணி, கண் எங்கோ பார்க்க நகர்வது வேறு விஷயம். அந்தப் படம் நிறையப் பேர் மனதில் பதிந்திருப்பதற்கு 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் ஒரு காரணம். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் முதன்முதலாக மாரத்தான் நடந்தது அப்போதுதான். சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் மைதானத்துக்குள் கடைசிச் சுற்றை மட்டும் கடக்க 5 நிமிடம் 44 விநாடி எடுத்துக்கொண்டு, 37-ஆவதாக முடித்தார். மருத்துவக் குழுவினர் பக்கத்திலேயே நடந்தார்கள். அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்பதைக் கவனித்து, தொடரவிட்டார்கள். தொட்டிருந்தால் அவர் தகுதி இழந்திருப்பார். ஆனால் அவருக்கு நேர்ந்தது வெப்பச் சோர்வு. அதில் முழு உடம்பும் தள்ளாடும், புத்தியும் மங்கும். பிடிப்பில் ஒரு கால் மட்டும் மறுக்கிறது. மூளை தெளிவாக இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வரைவில் இரண்டும் கலந்திருக்கின்றன. உங்கள் கதைக்கு வேண்டியது இரண்டாவது நிலைதான். அவன் நினைக்கவும் நினைவுகூரவும் வேண்டுமே.

மூன்றாவதாக ஒன்றையும் பிரித்துவிடுங்கள். 30, 32 கிலோமீட்டருக்கு மேல் உடம்பில் சேமித்த மாவுச்சத்து தீரத் தொடங்கும்போது வருவதை ஓட்டக்காரர்கள் 'சுவரில் மோதுவது' என்பார்கள். அதில் எந்தத் தசையும் இறுகாது. இரண்டு காலும் ஒரேபோல் கனக்கும், வேகம் தானாக இறங்கும், எதிலும் அக்கறை போய்விடும். அவனுக்கு இதுவும் கொஞ்சம் இருக்கலாம், முதல் பாதியில் அவசரப்பட்டவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. ஆனால் எந்த வரியில் எது என்று எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அவனுடைய அன்றைய காலையைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்களைக் கண்டு பயப்படாதீர்கள். இவற்றில் பெரும்பகுதி கதையில் வராது. ஆனால் கணக்கு சரியாக இருந்தால் உங்கள் நண்பரின் உறுத்தலில் பாதி போய்விடும்.

42.195 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வேகம் வேண்டும். அவன் அப்பாவோடு ஓடிய நீண்ட ஓட்டங்கள் எந்த வேகத்தில் இருந்திருக்கும்? அப்பா சைக்கிளில் பக்கத்தில் வந்து பேசுகிறார், இவன் பதில் சொல்கிறான். பேச முடிகிற வேகம் என்றால் அவனுக்கு ஏறக்குறைய 6:15 என்று வைத்துக்கொள்வோம். அது தவறான வேகம் அல்ல. நீண்ட ஓட்டங்களை நிதானமாக ஓடச் சொல்லித்தான் நாங்களும் அனுப்புகிறோம். ஆனால் போட்டி நெருங்கும்போது சில வாரங்களில் ஓட்டத்தின் பின்பகுதியைப் போட்டி வேகத்துக்கு ஏற்ற வேண்டும். உதாரணமாக 28 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசி 8 கிலோமீட்டரை 5:41-இல் ஓடுவது. களைத்த காலை அந்த வேகத்துக்குப் பழக்குவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் நாயகன் இதைச் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி நாளில் கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் பாதியை 5:25 வேகத்தில் ஓடிவிடுகிறான். முதல் மாரத்தானில் இது மிகச் சாதாரணமாக நடப்பது. பாதித் தூரம் 1:54:17-க்கு முடிகிறது. திட்டத்தைவிட ஏறக்குறைய ஆறு நிமிடம் முன்னால். அவனுக்குச் சந்தோஷம். 30 வரை 5:35-இல் தாக்குப்பிடிக்கிறான். அடுத்த ஆறு கிலோமீட்டரில் வேகம் ஆறு நிமிடத்துக்கு இறங்குகிறது. 36-ஆம் பலகையில் கடிகாரம் 3:20 காட்டுகிறது. மிச்சம் 6.195 கிலோமீட்டர், 40 நிமிடம். கிலோமீட்டருக்கு 6:27 ஓடினால் போதும். அப்பாவோடு பேசிக்கொண்டு ஓடியதைவிட மெதுவான வேகம் அது. காகிதத்தில் அவன் ஜெயித்துவிட்டான்.

37-ஐ 3:26:19-க்குக் கடக்கிறான். இந்தக் கிலோமீட்டர் முழுக்கக் கெண்டைக்காலில் துடிப்பு. 37-ஐத் தாண்டியதும் இறுகுகிறது. நிற்கிறான், நீட்டிவிடுகிறான், தத்தித் தத்தித் தொடங்குகிறான். அந்த ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் போய்விடுகிறது. 38-இல் கடிகாரம் 3:34:49. இனி தேவைப்படும் வேகம் சரியாக 6:00. அடுத்த கிலோமீட்டரை ஜாக்கிரதையாக ஏழு நிமிடத்தில் ஓடுகிறான். 39-இல் 3:41:49. மிச்சத் தூரத்துக்குத் தேவைப்படும் வேகம் 5:41.

இந்த எண் தற்செயலாக விழுந்தது. ஆனால் இதைவிட நல்ல திருப்பம் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. மாதக்கணக்கில் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்த அதே வேகம், மூன்று கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது மறுபடி எதிரில் வந்து நிற்கிறது. களைத்த காலில் அவன் ஒருநாளும் ஓடிப் பார்க்காத வேகம். அவன் அதற்கு முயல்கிறான், 39-க்கும் 40-க்கும் நடுவே தொடையின் பின்பக்கம் இறுகுகிறது. எட்டு நிமிடம் போகிறது. 40-இல் 3:49:49. இனி தேவை 4:38. முடியாது. 40-ஆம் பலகையில் நான்கு மணி நேரம் என்பது முடிந்துபோன கதை. ஆனால் ஓட இன்னும் இரண்டு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது.

இந்தக் கணக்கை அவன் மனதில் எப்படிப் போடுகிறான் என்பதும் முக்கியம். 36-க்குப் பிறகு யாரும் 6.195-ஆல் வகுப்பதில்லை. பத்துப் பத்தாகக் கூட்டிப் பார்ப்பார்கள், பாதியில் விட்டுவிடுவார்கள், அடுத்த பலகையில் மறுபடி தொடங்குவார்கள். கூட்டல்கூடத் தப்பும். அவன் ஒருமுறை தப்பாகக் கூட்டி, ஒரு நிமிடம் கூடுதலாக இருப்பதாக நம்பி வேகம் எடுப்பதாக எழுதினால், இரண்டாவது பிடிப்புக்கு அதுவே காரணமாகிவிடும். ஓடுகிறவர்கள் அந்த வரியைப் படித்ததும் உங்களை நம்புவார்கள்.

சரி, நினைவுகளுக்கு வருவோம். உங்கள் வரைவில் அவன் விழுந்து கிடக்கும்போது இரண்டு பக்கத்துக்கு அப்பாவின் காட்சி வருகிறது என்று ஊகிக்கிறேன். பிடிப்பு இறுகியிருக்கும் நேரத்தில் நினைவுக்கு இடம் கிடையாது. அந்த முப்பது விநாடியில் ஆளுக்குத் தன் கால் மட்டும்தான் உலகம். நினைவு வருவது இறுக்கத்துக்கு முன்னால், துடிப்பு நேரத்தில். அல்லது தசை விட்டபிறகு, மறுபடி ஓடத் தொடங்கிய முதல் சில நூறு மீட்டரில். அதுவும் முழுக் காட்சியாக வராது என்றுதான் என்னிடம் வரும் ஓட்டக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரு சத்தம், ஒரு பாதி வாக்கியம், முன்பு இதே கால் இதேபோல் இருந்த ஓர் இடம். உடம்பு இப்போது உணர்வதற்குப் பொருத்தமானதுதான் முதலில் வருகிறது.

ஆகவே அப்பாவை எங்கே வரவழைப்பது என்பதைக் கால் முடிவுசெய்யட்டும். ஒரு மாதிரிக்கு 36-க்கும் 37-க்கும் நடுவே உள்ள பகுதியை இப்படி எழுதிப் பார்க்கிறேன்:

"வலது கெண்டைக்காலில் துடித்தது. வலி இல்லை. சதை தானாக எழுந்து அடங்கியது. செயின் கவர் உரசும் சத்தம். எப்போதும் வலது பக்கம்தான் வருவார். ராத்திரி சரியா தூங்கினியா என்று கேட்டார். தூங்கினேன், ஆனால் நடுவில் ஒருதரம் விழித்துக்கொண்டேன் என்று முழுசாகப் பதில் சொன்னான். மூச்சு வாங்காமல் சொன்னான். கட்டைவிரல் ஷூவுக்குள் மடங்கியது. அவன் மடக்கவில்லை."

இதில் அப்பா ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அவன் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேசினான் என்பதுதான் செய்தி. அந்தப் பயிற்சிகளில் கால் ஒருநாளும் போட்டி வேகத்தில் களைக்கவில்லை என்பதை வாசகர் இங்கே பாதி உணர்வார். மீதியை இரண்டாவது நினைவு சொல்ல வேண்டும். அதை முதல் பிடிப்பு விட்டபிறகு, 38-ஐ ஒட்டி வையுங்கள். போட்டிக்கு ஐந்து வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அட்டவணையில் 28 கிலோமீட்டர், கடைசி எட்டு போட்டி வேகத்தில் என்று எழுதியிருக்கிறது. இருபதாவது கிலோமீட்டரில் அப்பா ஏதோ ஒரு பழைய கதையைச் சொல்லத் தொடங்குகிறார். அவன் வேகம் எடுத்தால் அப்பாவால் சைக்கிளை மிதித்துக்கொண்டே பேச முடியாது. அவனுக்குக் கதையைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. மிச்ச எட்டையும் அதே 6:15-இல் ஓடிவிடுகிறான். அன்று அது அவனுக்கு மிக நல்ல காலை.

இந்தக் காட்சியில் யாரையும் குற்றவாளியாக்காதீர்கள், அவனையும் சேர்த்துத்தான். அவன் அப்பாவைக் குறை சொல்வதாக ஒரு வரிகூட வேண்டாம். தனக்குப் பிரியமான காலைப்பொழுதுதான் இப்போது காலில் இழுக்கிறது என்று தெரிந்த பிறகும் அந்தக் காலையை அவன் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்றால், உங்கள் கதைக்கு அதுவே போதும். என் தொழிலில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். காயத்தோடு வருகிறவரிடம் பயிற்சியைப் பற்றிக் கேட்டால், அவர் மிகச் சந்தோஷமாகச் சொல்லும் நாட்களில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும்.

இனி தண்ணீர். யாரோ தருவது அழகான செய்கை. அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது பிடிப்பை விடுவிக்க வேண்டாம். குடித்த தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போக நேரம் ஆகும், பிடிப்பு அதற்கு முன்பே நீட்டலில் விட்டுவிடும். தாகத்தையும் மீறித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதால், பிடிப்புக்கு மருந்து தண்ணீர் என்ற எண்ணத்தை உங்கள் கதை பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிடிப்பை விடுவிப்பது நீட்டல். அதை அவன் கையாலேயே செய்யவையுங்கள். கெண்டைக்காலுக்கு: ஒரு கம்பத்தையோ தடுப்பையோ இரண்டு கையாலும் பிடிக்கிறான். பிடித்த காலைப் பின்னால் வைத்து, முட்டியை நேராக்கி, குதிகாலைத் தரையில் அழுத்துகிறான். முதலில் குதிகால் தரைக்கு வராது. உடம்பின் எடையை மெல்ல மெல்ல முன்னால் சாய்க்க, பத்து, இருபது, முப்பது விநாடியில் இறுக்கம் படிப்படியாக இளகும். தசைநாணை இழுப்பதால் அந்த 'விடு' என்று சொல்லும் உணர்விகள் மறுபடி விழித்துக்கொள்கின்றன என்பதுதான் இதன் சூட்சுமம். வெடுக்கென்று இழுத்தால் தசை மறுபடி எதிர்க்கும். தொடைப் பின்பக்கத்துக்கு: குதிகாலை முன்னால் ஊன்றி, முட்டியை நீட்டி, இடுப்பிலிருந்து முன்னால் சாய்கிறான். முதல் மாரத்தான்காரர்கள் இங்கே ஒரு காரியம் செய்வார்கள். பழக்கதோஷத்தில் பாதத்தைப் பின்னால் தூக்கிக் கையால் பிடித்து முன்தொடையை நீட்டப் பார்ப்பார்கள். முட்டி முழுசாக மடங்கியதும் பின்தொடை குறுகி இன்னும் கடுமையாக இறுகும். அவனுடைய இரண்டாவது பிடிப்பில் இதை வைத்தால், எட்டு நிமிடம் எங்கே போயிற்று என்பதற்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

இது தசைக்கிழிவு இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கே அந்தப் பயம் வரும், வரவேண்டும். பிடிப்பில் சதை உருண்டு கல்லாக நிற்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். நீட்ட நீட்ட அது விடும். கிழிவில் நீட்ட நீட்ட வலி கூடும், பெரும்பாலும் ஓரிடத்தைச் சுட்டிக்காட்ட முடியும், சிலர் பின்னாலிருந்து யாரோ உதைத்ததாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் ஒரு விநாடி திரும்பிப் பார்க்காமல், தன் சதையைத் தொட்டுப் பார்க்கட்டும்.

மறுபடி ஓடத் தொடங்குவதை இரண்டு வரியில் தாண்டிவிடாதீர்கள். 'எழுந்து ஓடினான்' என்பதுதான் உங்கள் நண்பருக்கு நடக்காததாகப் பட்டிருக்க வேண்டும். பிடிப்பு விட்டாலும் அந்தத் தசை இன்னும் எரிச்சலில்தான் இருக்கிறது. பழைய வேகத்துக்குப் போனால் உடனே திரும்ப வரும். அவன் முதலில் நடக்கிறான். பிறகு முன்பாதத்தால் தள்ளாமல், பாதத்தைத் தட்டையாக வைத்து, இடுப்புக்கு நேர்கீழே விழும் சின்னச் சின்ன அடிகளாக ஓடுகிறான். கெண்டைக்காலைக் காப்பாற்ற இப்படி ஓடும்போது வேலை இடுப்புக்கும் பின்தொடைக்கும் மாறுகிறது. இரண்டாவது பிடிப்பு வேறு தசையில் வருவதற்கு இது ஒரு காரணம். ஆகவே அவன் முதல் பிரச்சினைக்குக் கண்டுபிடித்த தீர்வே இரண்டாவதைக் கொண்டுவருகிறது. காலில் பயம் இருக்கும்போது தோளும் கழுத்தும் இறுகுவதையும் கவனியுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர்கள் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் 'தோளை விடுங்க' என்பதுதான்.

முடிவைப் பற்றி. நான் போட்ட கணக்கில், 40-க்குப் பிறகு கிலோமீட்டருக்கு 7:10 வேகத்தில் நகர்ந்தால் அவன் 4:05:33-க்கு முடிப்பான். 3:59-ஐ நீங்கள் விட முடியாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பிடிப்பு ஒரே ஒரு தடவை, ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும்படி வையுங்கள். 38-ஆவது கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் பத்து விநாடி போனால், 38-இல் கடிகாரம் 3:33:29 காட்டும். மிச்சத்தை 6:15-இல் ஓடினால் 3:59:42. முடிகிறதுதான். அந்த 6:15 எது என்று உங்களுக்குத் தெரியும். அவன் போட்டி வேகத்தை விட்டுவிட்டு, அப்பா பக்கத்தில் வரும்போது ஓடிய வேகத்துக்குத் திரும்புகிறான். கால் அந்த வேகத்தை அறியும், அதனால் தாங்குகிறது. இந்த முடிவில் நினைவு அவனைக் காப்பாற்றவும் செய்யும், ஆனால் தெம்பாக இல்லாமல் ஒரு வேகமாக வந்து காப்பாற்றும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் 4:05 பிடிக்கிறது. 40-க்குப் பிறகு இலக்கு இல்லாமல் ஓடும் அந்த இரண்டு கிலோமீட்டரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதை அவன் நிறுத்திவிடலாம், அல்லது பழக்கத்தில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டையும் என் முன்னால் ஓட்டக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். எதை எடுத்தாலும் கோட்டைத் தாண்டியதும் கதையை உடனே நிறுத்திவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிற்கும்போதும், உட்காரும்போதும், படுக்கும்போதும் பிடிப்பு மறுபடி வருவது மிகச் சகஜம். அவன் தரையில் உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்க்கக் குனியும்போது பின்தொடை மூன்றாவது தடவை இறுகலாம். அப்போது யாராவது அவன் குதிகாலைக் கையில் ஏந்தி, முட்டியை நீட்டி, காலை மெல்ல உயர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த யாராவது அப்பாவா, முன்பின் தெரியாத ஒருவரா என்பதை முடிவுசெய்யுங்கள். அப்பா என்றால், காலை எந்தக் கோணத்தில் எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அவன்தான் சொல்லித்தர வேண்டும்.